இரண்டு பேர் கணக்கு

வங்கிக்குக் கடிதம் எழுதி முடித்ததும் பழனியப்பன் அடியில் இரண்டு பெயரையும் எழுதினார். முதலில் தன் பெயர், அதற்குக் கீழே மாரியம்மா. கை தானாக எழுதிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கிராணி அப்படித்தான் கூப்பிடுவார். புருஷன் பெயரும் பெண்டாட்டி பெயரும் ஒரே மூச்சில் வரும். இரண்டு பேரும் ஒன்றாக ‘ஐயா’ என்று குரல் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டிக் கித்தாப்பால் எடுக்கப் போவார்கள். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கிராணியும் இல்லை. மாரியம்மாவும் சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கனடாவில் இருக்கும் மகள் விமலாவுக்கு வைகாசியில் குழந்தை பிறந்தது. நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் தாயின் காரியத்துக்கு அவளால் வர முடியவில்லை. தினமும் போனில் அழுகிறாள்.

“அப்பா, நீங்களாச்சும் வாங்கப்பா. விசாவுக்கு ஆறு மாச ஸ்டேட்மெண்ட் வேணும். போன்ல எறக்குறது வேணாம்லா. பேங்குக்கே போயி ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திர சாப் போட்டு வாங்குங்க. எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எதுக்குன்னு மலாய்ல சூராட் ஒண்ணு தெளிவா எழுதிக் குடுங்க.”

ஐம்பது வயதுக்கு மேல் கோயில் மண்டபத்து இரவு வகுப்பில் எழுத்துக் கூட்டியவர் அவர். மலாயில் ஒரு கடிதம் எழுதுவதற்குள், அவர் துப்புரவு வேலை பார்க்கும் சந்தையை இரண்டு தடவை கூட்டிக் கழுவிவிடலாம். என்றாலும் எழுதினார். கணக்கு எண், அடையாளக் கார்டு எண், பிப்ரவரி தொடங்கி ஜூலை வரை. காரணம்: நானும் என் மனைவி மாரியம்மாவும் மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்கக் கனடா போவதற்கு விசா விண்ணப்பம்.

மறுநாள் ஈப்போவில் இருக்கும் வங்கிக்குப் புறப்படும்போது சட்டையின் இடது பையில் மாரியம்மாவின் பட்டன் போனை எடுத்து வைத்துக்கொண்டார். அதை அவர் வீட்டில் விட்டுப் போவதே இல்லை. கணக்கு இரண்டு பேர் பெயரில். ஆனால் வங்கியில் கொடுத்திருந்த நம்பர் அவளுடையது. பணம் போட்டாலும் எடுத்தாலும் அந்தப் போன் ‘ணிங்’ என்று ஒரு சத்தம் போடும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “என்னாங்கறான் பேங்குக்காரன்?” என்று போனை நீட்டுவாள். “ஒண்ணுமில்ல மாரி, நாந்தான் எடுத்தேன்” என்பார் இவர்.

அவள் போன பிறகும் போன் ஓயவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஏடிஎம்மில் கொஞ்சம் எடுப்பார். செலவுக்கு வேண்டியிருக்காது. ‘ணிங்’ என்னும். பின்னால் அவள் நின்று போனை நீட்டுவது போல முதுகு சில்லிடும். திரும்பிப் பார்க்க மாட்டார். பதில் மட்டும் சொல்வார். அதனால்தான் வங்கியில் அவர் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நம்பரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் நெஞ்சில் கலாதேவி என்று பெயர் அட்டை. கடிதத்தை முழுக்கப் படித்தாள்.

“அழகா எழுதியிருக்கீங்க, அங்கிள். எங்க மேனேஜர் எழுத்தே இவ்ளோ நல்லா இருக்காது. பேரனா, பேத்தியா?”

“பேத்திம்மா.”

“ஆன்ட்டி வரலையா? பேரு எழுதியிருக்கு, கையெழுத்துக் காணோமே.”

பழனியப்பன் இடது பையைக் கையால் மூடிக்கொண்டார். “வீட்டுல இருக்கா.”

“பரவால்ல. இது யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதுங்கற கணக்குதான். ஐசி கார்டு குடுங்க, பெருவிரல வைங்க.”

சந்தை கழுவும் லைசோல் தின்ற விரலைக் கருவி முதலில் ஏற்கவில்லை. துடைத்து வைத்த பிறகு ஏற்றது. தாள்கள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. மார்ச் வரை இரண்டு சம்பளம். அதற்குப் பிறகு ஒரு சம்பளம்தான். கலாதேவி ஒவ்வொரு பக்கமாகச் சாப் குத்தினாள், பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

“கட்டணத்தக் கணக்குலயே புடிச்சுக்கறேன் அங்கிள்.”

ஒரு பட்டனை அழுத்தினாள்.

‘ணிங்.’

“ஒண்ணுமில்ல மாரி,” என்றார் பழனியப்பன், பையைப் பார்த்துக் குனிந்து. “நாந்தான்.”

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கலாதேவியின் கை சாப்பின் மேல் அப்படியே நின்றது. அவர் பையைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியையும் ஒரு தரம் பார்த்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி போனு உங்ககிட்டயா?”

குளிரூட்டியின் காற்று பிடரியில் பட்டது. பொய்யை இன்னொரு தடவை சொல்லலாம். இந்தப் பெண் நம்பக்கூடச் செய்வாள். ஆனால் விசாக்காரன் நம்புவானா? மாரியம்மா பெயரை எழுதிவிட்டு அவளில்லாமல் எப்படிப் போய் நிற்பது? பேத்தியின் முகத்தைப் பார்க்கப் போகிற தாளில் பொய் இருக்கலாமா?

“சித்திரையில தவறிட்டா,” என்றார்.

கலாதேவி கடிதத்தின் அடியிலிருந்த இரண்டாவது பெயரை மறுபடி பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“சொன்னா இது நின்னுருமேம்மா.” பையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சாப்பை மெல்ல மூடிவைத்தாள். “இப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு. நான் குறிச்சுத்தான் ஆவணும். இறப்புப் பத்திரம் கொண்டாங்க, பாரம் நெரப்பணும். இந்தக் கணக்க மூடி, உங்க பேருல புதுசு தொறந்து பணத்த மாத்தணும். அது முடியிற வரைக்கும் இதுல எடுக்க முடியாது.”

“இந்தத் தாளு?”

“இது ஆறு மாசத்துல நடந்தது. நடந்தது நடந்ததுதான். எடுத்துட்டுப் போங்க. புதுக் கணக்குத் தாளையும், இறப்புப் பத்திரத்த இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தும் கூடவே வைங்க. அப்பத்தான் ரெண்டு பேரு ஏன் ஒரு பேராச்சுன்னு அவங்களுக்குப் புரியும்.” கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். “இத மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க. கோப்புல இது இப்படி இருக்கக் கூடாது.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கணக்கு எண், காலம் எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. காரணத்துக்கு வந்தபோது, ‘என் மகளைப் பார்க்க. என் மனைவி இறந்துவிட்டாள்’ என்று எழுதினார். அடியில் தன் பெயரை எழுதினார். கை இன்னொரு பெயருக்காகக் கீழே இறங்கியது. தாளைத் தொடாமல் தூக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் இறப்புப் பத்திரம் கொடுத்துப் புதுக் கணக்குத் திறந்தபோது அவருடைய நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தார். பணம் மாறியதும் வலது பையிலிருந்த போன் கிணுகிணுத்தது. இடது பக்கம் காது வைத்து நின்றார். ஒன்றுமில்லை.

விசாவுக்கு விரல் ரேகை கொடுக்கக் கோலாலம்பூர் போனார். இடது பையில் அந்தப் போன் இருந்தது. சார்ஜ் இருந்தது, வேலை இல்லை. உறையில் சாப் குத்திய தாள்கள். கதவருகே நின்ற மலாய்ப் பெண் பெயரைப் படித்தாள்.

“பழனியப்பன்.”

எழுந்தார். எழுந்த இடத்திலேயே நின்றார். அடுத்த பெயருக்காகக் காது காத்திருந்தது. பெரட்டுக் களத்தின் பனியும் கித்தாப்பால் வாடையும் சட்டென்று மூக்கில் ஏறின. வாளியின் கைப்பிடி பின்னால் கிலுங்கியது போலிருந்தது. திரும்பவில்லை.

அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். அதே ஒரு பெயர்தான்.

“ஐயா,” என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.