பூச்சின்மேல் வைத்த சுத்தியல்

கம்பாலாவில் கட்டடப் பொறியாளராக இருந்த நாக்கிதெண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்ந்தாள். கட்டடத் தகராறுகளில் வக்கீலுக்குக் கான்கிரீட் புரியாததையும், பொறியாளருக்குச் சட்டம் புரியாததையும் அவள் பலமுறை பார்த்திருந்தாள்.

"எல்லாரும் நிர்வாகம் படிக்கிறோம். உனக்கு மட்டும் ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று சிரித்தான் உடன் வேலைபார்த்த ஒக்கெல்லோ.

ஆறு வருடம் கழித்து, தூண்கள் விரிசல் விட்ட ஒரு பள்ளிக்காக அவள் நீதிமன்றத்தில் வாதாடினாள். சுத்தியல் போன்ற கருவியால் தட்டிக் கான்கிரீட்டின் வலுவை அளக்கும் சுத்தியல் சோதனையில் தூண்கள் உறுதியாக இருந்தன என்று, பள்ளியைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் நிபுணர் பியாருகாபா சாட்சி சொன்னார். அவருடைய அறிக்கையிலிருந்த புகைப்படத்தையே நாக்கிதெண்டே அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, கருவியை எதுமேல வச்சிருக்கீங்க?"

"தூண் மேலதாம்மா."

"பெயிண்ட் தெரியுதே. சிமெண்ட் பூச்சை உரிக்கலையா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "உரிக்கல."

"அப்ப நீங்க அளந்தது கான்கிரீட்டையா, பூச்சையா?"

"பூச்சைத்தான்," என்றார் தணிந்த குரலில்.

தூண்களைத் துளைத்து மாதிரி எடுக்க நீதிபதி உத்தரவிட்டார். ஒப்பந்தத்தில் சொன்ன வலுவில் பாதிகூட அவற்றில் இல்லை. ஒப்பந்தக்காரர் தன் செலவில் தூண்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்ற வாசலில் தலைமையாசிரியை குலவையிட்டார். வக்கீல் அங்கியைக் கழற்றாமலே நாக்கிதெண்டேயும் அவரோடு சேர்ந்து குலவையிட்டாள்.