இன்னும் பதினோரு பேர்

காரைக்காலில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற எனக்குச் சங்கத்துச் செயலாளர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வாசகசாலைத் திறப்பு விழா நோட்டீசுக்குச் செயலாளர் சோமசேகரன் புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோத்த எழுத்தை இரும்புச் சட்டத்தில் முடுக்கி மெஷினில் ஏற்றிய பிறகு மறுபடி வந்தார்.

"பாய், வரவேற்புக் குழுவில இன்னும் பதினோரு பேரைச் சேர்த்துடுங்க. விட்டா கோவிச்சுப்பாங்க."

"சேர்க்கலாங்க. பெரிய தாள் வேணும். நாலு ரூபாய் கூட ஆகும், ஒரு நாள் தள்ளும்."

"பேருதானே பாய்! அதே தாள், அதே பணம், நாளைக்கே வேணும். பொதுக் காரியம்."

என்னிடம் வரும்போது மட்டும் எல்லாமே பொதுக் காரியம்.

"சரிங்க, கோக்கிற கூலியை நான் பொறுத்துக்கிறேன். ஆனா பதினோரு பேர் உள்ள வந்தா அந்த அளவு வெளிய போகணும். எதுன்னு நீங்களே அடிச்சுக் குடுங்க" என்று பென்சிலை நீட்டினேன்.

பேர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரையும் அடிக்கத் துணிச்சல் வரவில்லை. கடைசியில், கொட்டை எழுத்திலிருந்த இடத்தையும் நேரத்தையும் அடித்தார்.

"அது இல்லாம சனங்க எப்படிங்க வரும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பாய்."

புதுப் புரூப்பிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில், நோட்டீசில் பேர் வந்த முப்பத்திரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே அத்தனை பெஞ்சும் காலி. முன்வரிசையில் நான் ஒருவன்தான்.

சோமசேகரன் எழுந்து, தொண்டையைச் செருமி, என்னைப் பார்த்துத் தொடங்கினார்:

"அலைகடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே!"