வெளுத்த கன்னம்

தில்லி கரோல் பாக்கில் போட்டோ கடை வைத்திருக்கும் பிராங்ளின், யார் படம் வந்தாலும் முகத்தை ஒரு சுற்று வெளுப்பாக்கித்தான் கொடுப்பான். கேட்காமலே செய்வதை உபகாரம் என்று நினைத்திருந்தான்.

ஓய்வுபெறும் நர்ஸ் இருதயம்மாள் சிஸ்டரின் போட்டோவை, ஆஸ்பத்திரி வார்டில் மாட்ட, கரியில் வரைந்ததுபோல் மாற்றச் சொல்லி உடன் வேலை செய்பவர்கள் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்துவிட்டு, கூந்தலிலும் தாடைக்கடியிலும் இருளை நன்றாக அடர்த்தியாக்கினான். வெளிச்சத்தை ஏற்றியபோதுதான் பழகிய கை நிற்கவில்லை. கன்னம் முழுக்க வெளுத்துப்போனது.

பார்க்க வந்த சிஸ்டர் திரையை உற்றுப் பார்த்தார். "இது யாரு தம்பி?"

"நீங்கதான் சிஸ்டர். நல்லா பளிச்சுனு..."

"முப்பத்திரண்டு வருஷமா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்கிறவங்க இந்தக் கறுத்த மூஞ்சியைத்தான் பாத்தாங்க. அவங்க வார்டுக்கு வந்தா இந்தப் படத்துல என்னைத் தேடணுமா?"

பிராங்ளின் திரைப்பக்கம் திரும்பினான். வெளுத்த கன்னத்தில் மறுபடி இருளை ஏற்றினான். நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கண்மணி, இந்த மூன்றில் மட்டும் ரப்பரால் ஒற்றியெடுத்ததுபோல் வெளிச்சம் விட்டான். தோளின் ஓரத்தை மெதுவாகக் கலைத்துக் காகிதத்தோடு கரையவிட்டான். கறுத்த முகம் உள்ளிருந்து ஒளிர்ந்தது.

"அச்சா, இது நான்" என்று சிரித்துவிட்டுப் போனார் சிஸ்டர்.

எதிர்ச்சுவரில் அவனுடைய கல்யாணப் படம். அதில் மனைவி ஜெனியைப் பால்போல் வெளுப்பாக்கியது அவன்தான். பத்து வருஷத்தில், கடைக்கு வந்தாலும், அவள் ஒருநாளும் அதன் முன்னால் நின்றதில்லை.

நாற்காலியில் ஏறி அதைக் கழற்றினான்.