நீராவி அக்காவின் இதர படிகள்

எங்கள் கணக்கு மேலாளருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் வைத்தவருக்குக் கோடி புண்ணியம். மனுஷன் எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் பார்ப்பார். டீச் செலவு, ஓவர்டைம், மின்விசிறி, எல்லாவற்றிலும் ஒரு துண்டு. அன்று காலை தணிக்கைக்காரர்கள் கொடுத்த தாளை என் மேஜையில் போட்டார். ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"உங்க நீராவி அக்கா லட்சணத்தப் பாருங்க. ஏழு மாசமா பகல் ஷிஃப்ட்டு. ஆனா ராத்திரி ஷிஃப்ட்டுப் படி மாசம் ரெண்டாயிரத்து எழுநூறு வாங்கிட்டு இருக்கு. மொத்தம் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். கமுக்கமா முழுங்கிட்டு வாயே தொறக்கல."

எங்களுடையது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் கம்பெனி. கீழே இயந்திரக் கூடம், மேலே அலுவலகம். நீராவி அக்கா கீழே பெரிய இஸ்திரி உருளையில் நிற்பவள். பதினாறு வருஷமாக அந்த ஆவியில் வெந்து நிற்பதால்தான் அந்தப் பெயர். நான் மேலே சம்பளப் பிரிவு. முந்நூற்றுப் பத்துப் பேருக்குச் சம்பளம் போடுகிறேன், எனக்குத்தான் போதவில்லை.

"வர்ற மாச சம்பளத்துல மொத்தத்தையும் ஒரே அடியா பிடிச்சிடுங்க," என்றார் கத்தரி. "தெரிஞ்சே மறைச்சாங்கன்னு ஒரு எச்சரிக்கை லெட்டர் அடிங்க. ஃபைல்ல இருக்கட்டும். நேர்மை இல்லன்னு ஒரு லெட்டர் விழுந்தா, அடுத்த தடவ சீட்டுக் கிழிக்கச் சுலபம்."

அவர் போனதும் நான் லெட்டர் அடிக்க உட்காரவில்லை. ஏனென்றால் அக்கா வாய் திறந்தாள். என்னிடம்தான் திறந்தாள்.

மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் இரவில் வீட்டில் ஆள் வேண்டும் என்று அக்கா பகல் ஷிஃப்ட்டு கேட்டு வாங்கினாள். அந்த மாற்றுப் படிவம் என்னிடம் வந்தது இருபத்தாறாம் தேதி. இருபத்தைந்தோடு அந்த மாதக் கணக்கை மூடிவிடுவோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தட்டில் போட்டேன். போட்டவள் அடுத்த மாதம் ஷிஃப்ட்டை மட்டும் மாற்றினேன். படிக்கு முடிவுத் தேதி போட வேண்டும், அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கணினி காலமெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கென்ன, அதன் அப்பன் வீட்டுப் பணமா?

இரண்டாவது மாதமே அக்கா சம்பளச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தாள். "மேடம், பகலுக்கு மாறிட்டேன், சம்பளம் குறையவே இல்லியே? கொஞ்சம் பாருங்களேன்," என்றாள். அன்று கணக்கு மூடும் நாள், பின்னால் பதினைந்து பேர் வரிசை. நான் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "புது சம்பள விகிதம் வந்திருக்குல்லக்கா, அதான். போங்க போங்க," என்று விரட்டிவிட்டேன். சீட்டைப் பார்த்தாவது அவளுக்குத் தெரிந்திருக்குமா? எல்லாப் படியையும் ஒன்றாகக் கொட்டி 'இதர படிகள்' என்று ஒரே வரியில் அச்சடிக்கிறோம். அதில் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மதியம் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். "வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்காத," என்றார். "அவங்க கேட்டது உனக்கும் அவங்களுக்கும்தான் தெரியும். மேலாளர் சொன்னத அடிச்சுக் குடுத்துட்டு வா. நமக்கு வீட்டுக் கடன் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். பதினாறு வருஷம் உழைத்தவளின் பேரைத் திருட்டுப் பட்டியலில் எழுதி, அதை என் கையாலேயே தட்டச்சு செய்வதா? போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

நான் எழுதிய கடிதம் இது:

'சென்ற ஏழு மாதங்களில் இரவு ஷிஃப்ட்டுப் படி தங்களுக்குத் தவறுதலாக வழங்கப்பட்டுள்ளது. பிடித்தங்கள் போகத் தங்கள் கைக்கு வந்த தொகை மாதம் 2,376, மொத்தம் 16,632. மாதவாரிக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.

இந்தத் தவறு சம்பளப் பிரிவில் நேர்ந்தது. இரண்டாவது மாதமே தாங்கள் நேரில் கேட்டீர்கள். சரிபார்க்காமல், தொகை சரி என்று தங்களுக்குப் பதில் சொல்லப்பட்டது.

ஆயினும் இது தங்களுக்கு உரிய தொகை அன்று. நிறுவனத்துக்குத் திரும்பி வர வேண்டியது. அடுத்த மாதச் சம்பளத்தில் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்கள், மாதம் 1,386 வீதம் பிடித்தம் செய்ய முன்மொழிகிறோம். வட்டி இல்லை. கணக்கில் ஐயம் இருந்தாலோ, இந்தத் தவணை தங்களுக்குக் கடினம் என்றாலோ பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும், பேசி மாற்றலாம். இடையில் வேலையிலிருந்து விலகினால் மீதித் தொகையைச் செலுத்தும் முறை தங்களோடு பேசி முடிவு செய்யப்படும். தங்கள் எழுத்துச் சம்மதம் கிடைத்த பிறகே பிடித்தம் தொடங்கும்.'

கத்தரி படித்தார். பேனாவை எடுத்தார். எடுக்காமல் இருப்பாரா?

"பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் எப்படிப் பதினாறாயிரம் ஆச்சு? உங்க இஷ்டத்துக்குத் தள்ளுபடியா?"

"பன்னெண்டு சதவீதம் ஓய்வு நிதிக்குப் பிடிச்சுக் கட்டிட்டோம் சார். அது அவங்க கைக்கே வரல. வராத பணத்த எப்படித் திருப்பிக் கேக்கறது? அந்த ரெண்டாயிரத்து இருநூத்து அறுபத்தெட்ட நிதிக்குக் கட்டற அடுத்த தொகையில நாமதான் சரிக்கட்டணும்."

"சரி, அது இருக்கட்டும். எதுக்குப் பன்னெண்டு மாசம்? ஒரே மாசத்துல பிடிங்க."

"அவங்க கைக்கு வர்றதே இருபத்தோராயிரம். அதுல பதினாறு போனா, மிச்சத்துல வாடகை குடுப்பாங்களா, மாமியாருக்கு மருந்து வாங்குவாங்களா? அதோட, கையெழுத்து இல்லாம சம்பளத்துல கை வைக்கக் கூடாதுன்னு நம்ம விதிப் புத்தகத்துலயே இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட புத்தகம்."

கத்தரி நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அந்த ஆள் குரல் தாழ்ந்தால்தான் பயம்.

"பன்னெண்டு மாசமே இருக்கட்டும்மா. எச்சரிக்கையும் வேணாம். ஆனா அந்த ரெண்டாவது பத்தியத் தூக்கிடுங்க. அவங்க கேட்டாங்க, நாம தப்பாச் சொன்னோம்னு எழுதினா தணிக்கைக்காரன் என் கழுத்தப் பிடிப்பான். உங்க கழுத்தையும்தான். எழுதலன்னா யாருக்குத் தெரியப் போகுது? எல்லாருக்கும் நல்லது."

பேரம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. பிறகு, முடிவு பண்ண நான் யார், பேர் அவளுடையதுதானே என்று தோன்றியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கூடத்தில் பேச்சுக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். அக்காவைத் துணி அடுக்கும் அறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறையும் கத்தரியின் பேரத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"நான் முழுங்கிட்டேன்னு மேல பேசிக்கறாங்களா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு உங்க ஜன்னல்ல நின்னு, பாருங்க பாருங்கன்னு கெஞ்சினேனே மேடம்! அதிகமா வந்த காசுல மாமியாருக்கு நடைவண்டி வாங்கினேன். என்னுதுன்னு நெனச்சுத்தான் வாங்கினேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "போய்ச் சொல்லுங்க. பணத்த மாசாமாசம் கணக்கா கட்டறேன், ஒரு பைசா பாக்கி வைக்க மாட்டேன். ஆனா நான் கேட்டேன்கற வரி இல்லாத தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன். என்ன பண்ணுவாங்களோ பண்ணிக்கட்டும்."

"அக்கா, அவர் மறுபடி எச்சரிக்கை லெட்டர்னு கிளம்பினா?"

"கிளம்பட்டுமே! அந்த லெட்டரக் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டறேன். என் கூட வேல பாக்கறவங்க படிச்சுட்டுச் சிரிக்கட்டும்."

மேலே போய் அப்படியே சொன்னேன். கத்தரி குதித்தார், அக்காவைத் திட்டினார், என்னைத் திட்டினார், கணினியைக்கூட விடவில்லை. எல்லாம் அடங்கியதும் நான் இன்னொரு தாளை நீட்டினேன். அக்கா வந்து கேட்டது, நான் பார்க்காமல் அனுப்பியது, முடிவுத் தேதி போடாதது, எல்லாம் எழுதி என் கையெழுத்தோடு. "இது அவங்க ஃபைலுக்கு சார். இன்னொரு பிரதி தணிக்கைக்காரங்களுக்கு அனுப்பியாச்சு."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம் சார்."

இனி இரண்டாவது பத்தியை மறைத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தணிக்கைக்காரர்களுக்கோ மாத முடிவுக்குள் சம்மதக் கடிதம் வேண்டும். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரியும் வெட்டாமல் கையெழுத்துப் போட்டார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து வெட்டாமல் விட்ட முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா வேலை முடிந்து, கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். மாதவாரிக் கணக்கை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்த பிறகுதான் போட்டாள். தன் பிரதியை மடித்து இடுப்புப் பையில் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றேன். நியாயமாகச் சொன்னால், பரவாயில்லம்மா என்று ஒரு வார்த்தை வரும் என எதிர்பார்த்தேன். உனக்காக இவ்வளவு சண்டை போட்டேனே என்ற நினைப்புதான்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அதுவரை இருந்த மேடமும் நீங்களும் போய்விட்டன.

"கடன் என்னுது, நான் கட்டறேன். தப்பு உன்னுது, நீ கட்டு."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனால் அதில் எந்தச் சொல்லைத் தப்பு என்பது?

மறுநாள் எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. இந்த வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். படித்துப் பார்த்தேன். மேலதிகாரியை எதிர்த்துப் பேசினேனாம், அனுமதி இல்லாமல் தணிக்கைக்காரர்களுக்குத் தாள் அனுப்பினேனாம். விட்டுப்போன முடிவுத் தேதியைப் பற்றியோ, ஜன்னலில் நின்றவளை விரட்டியதைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை.

"இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றேன்.

"என்னது?"

"நான் எதிர்த்துப் பேசினது தப்பே இல்ல. நாளைக்கும் பேசுவேன். கேக்க வந்தவங்க சீட்டப் பாக்காம துரத்தினேன் பாருங்க, அதான் தப்பு. அத எழுதுங்க, போடறேன்."

"சம்பள உயர்வு எப்படியும் போகும்மா. எதுக்குப் போனா என்ன?"

"எதுக்குப் போச்சுன்னு ஃபைல்ல இருக்கணும் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, "நீங்களே அடிச்சுட்டு வாங்க, தாயே," என்றார். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, என் எச்சரிக்கைக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே தட்டச்சு செய்தேன்.