லோசாவுக்கு வாங்கிக் கொடுத்த பிளக்

சிட்னியில் எங்கள் செங்கல் ஃபிளாட்டின் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த லோசா, பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்று வாங்கினாள். வயசானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு வரும் வேலை அவளுக்கு. கார் ஓடினால்தான் பிழைப்பு. சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டுத்தான் சார்ஜ் போட்டாள். மிச்ச வயர் கீழே சுருளாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"அடியே, சுருட்டி வச்சபடியே சார்ஜ் போட்டா உருகிப் பத்திக்கும்டி! எங்க எல்லாரையும் கொளுத்தப் பாக்கறியா?"

"வேற எப்படி நோரீன் ஆன்ட்டி? கார் நிக்கிற இடத்துல பிளக்கே இல்லையே."

பிளக் வைக்க வேண்டுமானால் அவள் இருந்த வீட்டின் சொந்தக்காரன் கார்த் கேட்க வேண்டும். பிறகு எங்கள் ஃபிளாட் உரிமையாளர்கள் கூட்டம் சம்மதிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவளுக்கு ஓட்டு கிடையாது. என்ன நியாயமோ! நான் விடுவேனா? கார்த்தை போனில் பிடுங்கி எடுத்துக் கேட்க வைத்தேன். கூட்டத்துக்கு வராத சோம்பேறிகளின் ஓட்டையும் வீடு வீடாகப் போய் வாங்கினேன்.

கராஜில் மடக்கு நாற்காலி போட்டுக் கூட்டம். கீழ்வீட்டு கென்தான் முட்டுக்கட்டை போட்டான்.

"பொதுக் கரண்ட்டை அவ கார் குடிக்கும். பில்லை நாம கட்டணுமா?"

"அட மனுஷா, அவ வீட்டு மீட்டர்லேருந்து தனி லைன் இழுக்கப் போறாங்க. உன் பீர் ஃப்ரிட்ஜ்தான் பொதுக் கரண்ட்ல ஓடுது!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கென்னும் சம்மதம் என்று கையைத் தூக்கினான். செலவைத் தானே ஏற்பதாக கார்த் சொன்னதும் கைதட்டல் வேறு. தங்கமான மனுஷன் என்று நானும்தான் தட்டினேன்.

எலெக்ட்ரீஷியன் வேலை முடித்த அன்று, லோசா ஒரு தட்டு நிறையத் தேங்காய்ப்பால் பன் சுட்டுக் கொண்டுவந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வாடகையை ஏற்றுவதாக கார்த்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. 'கார் சார்ஜ் வசதி வந்துவிட்டதால்' என்று காரணமும் போட்டிருந்தான் படுபாவி. போன் பண்ணிக் கத்தினேன்.

"நீங்க அலைஞ்சதாலதானே வீட்டோட மதிப்பு கூடுச்சு, நோரீன்? ரொம்ப தேங்க்ஸ்" என்றான்.

லோசாவால் அந்த வாடகையைத் தாங்க முடியவில்லை. அவள் பெட்டிகளை இறக்கும்போது கீழே போய் நின்றேன்.

"எங்கடி போறே?"

"அண்ணன் ஃபிளாட்டுக்கு. மூணாவது மாடி, கார் தெருவுலதான் நிக்கணும். சார்ஜுக்கு வழியில்ல ஆன்ட்டி. வித்துட்டேன்."

"அப்போ வேலை?"

"பஸ்ல ஒரு நாளைக்கு எத்தன வீட்டுக்குப் போக முடியும்? விட்டுட்டேன்."

என்மேல் கோபித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளோ என்னைக் கட்டிப்பிடித்து, "எனக்காக யாரும் இவ்வளவு அலைஞ்சதில்ல ஆன்ட்டி" என்றாள்.