கண்ணில் விட்ட சொட்டு

அப்பா தையல்காரர். ஊசிக் காதில் நூல் கோர்த்த கண்ணுக்கே அழுத்த நோய் வந்தது. கண் டாக்டர், "இளைப்பு, ஆஸ்துமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் சின்ன வயசுல" என்று வீறாப்பாகத் தலையாட்டினாராம். அவருடைய இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்மா வெளியே வரிசையில் நின்றிருந்தாள். மழைக்காலம் வந்தால் அது இல்லாமல் அவருக்கு ஆகாது. இந்த மனிதருக்கு வீறாப்பு ஒன்றுதான் குறைச்சல்!

அன்று முதல் காலையும் இரவும் அம்மா அவர் தலையை மடியில் சாய்த்துச் சொட்டு மருந்து விடுவாள். நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் அந்த ஒரு நிமிடம் மட்டும் சமாதானமாக இருப்பார்கள்.

கொஞ்ச நாளில் அப்பா தையல் மிஷினை மிதிக்கவே சலித்துக்கொண்டார். "கை கால் எல்லாம் கல்லு மாதிரி இருக்குடி" என்றார். அம்மா அவரைச் சோம்பேறி மன்னன் என்றாள். பிரஷர் பார்த்த இடத்தில் நாடித்துடிப்பு ஐம்பதுக்கும் கீழே காட்டியது. "பாரு, இப்பதான் உங்கப்பாவுக்கு நிதானம் வந்திருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு மழைநாளில் அவருக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலரை அடித்தோம், திரும்பவும் அடித்தோம், கேட்கவில்லை. அவசரப் பிரிவில் வேறென்ன மருந்து என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றோம். கண்ணில் விடுவதை யார் மருந்து என்று நினைப்பார்கள்? அவர் திரும்பி வரவில்லை.

அம்மா உறவினர்களுக்குப் போன் செய்யப் போயிருந்தபோது, அவள் என்னிடம் விட்டுப்போன பையிலிருந்த சொட்டு மருந்தைப் பார்த்து டாக்டர் திகைத்தார்.

"இது பீட்டா பிளாக்கர்மா. கண்ணுல விட்டாலும் மூக்கு வழியா ரத்தத்துல கலந்துடும். இதயத்தை வேகமா துடிக்கவைக்கிற, மூச்சுக்குழாயை விரிக்கிற தகவலை உடம்பு அனுப்பும் இல்லையா, அது போய்ச் சேர்ற இடத்துல இது உட்கார்ந்துக்கும். அதான் நாடி குறைஞ்சது, அசதி வந்தது. இளைப்பு உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாயும் சுருங்கிடலாம். இன்ஹேலர் மருந்தும் அதே இடத்துக்குத்தான் போகணும். அங்கதான் இது அடைச்சுக்கிட்டு இருக்கே."

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அவள் கையால் விட்ட சொட்டு அல்லவா.

ஒரு மாதம் போனது. அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா, பிரிக்காத பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"மாடி வீட்டு அக்காவுக்கும் கண்ணுல அழுத்தமாம். இதைக் குடுத்துட்டு வரேன்."

மாடி வீட்டுக்காரிக்கும் இளைப்பு உண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"குடுக்காதேம்மா. அவங்களுக்கு மூச்சு இழுக்கும்ல, ஆகாது."

"கண்ணுல விடுறதுக்கும் மூச்சுக்கும் என்னடி சம்பந்தம்?"

பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"'கூசுதுடி, வேணாம்'னுவார்," என்றாள். "நான்தான் திட்டித் திட்டி இமையை விரிச்சுப் பிடிப்பேன்."