வட்டம் போட்ட கணக்கு

டியூஷன் டீச்சர்கள் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தின் லட்சணம் யாருக்குத்தான் தெரியாது? 'நன்றாக முயற்சி செய்கிறாள், இன்னும் கொஞ்சம் கவனம் தேவை.' ஒரே வழவழா கொழகொழா. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். இந்த டீச்சரும் பல வருஷம் அப்படித்தான் பூசி மெழுகி எழுதினாள். இந்த முறை உண்மையை எழுதித் தொலைத்தாள்.

சிட்டு பத்தாம் வகுப்பு. கணக்கு என்றால் காய்ச்சல் வரும். வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புப் பின்னத்திலிருந்து டீச்சர் ஆரம்பித்தாள், ஏனென்றால் ஓட்டை அங்கேதான் இருந்தது. பதினெட்டு வாங்கியவள் முப்பத்து நாலுக்கு வந்தாள். கடிதத்தில் டீச்சர் இப்படி எழுதினாள்: 'நாற்பது வாங்கித் தேர்ச்சி பெறுவது நடக்கக்கூடிய இலக்கு. சயின்ஸ் பிரிவு கேட்கும் எழுபது இந்த வருஷம் நடக்காது. தேர்ச்சி பெற்று வேறு பிரிவில் சேர்ந்தால், அடிப்படையைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். முன்பெல்லாம் தெரியாத கணக்குக்கு வாய்க்கு வந்த விடையை எழுதுவாள். இப்போது வட்டம் போட்டுவிட்டு என்னிடம் கேட்கிறாள். இதுதான் பெரிய முன்னேற்றம்.'

எழுதி முடித்தபோது டீச்சருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஐயோ பாவம்.

மறுநாள் மாலை அம்மாக்காரி அந்தக் கடிதத்தோடு மாடியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. சீருடையைக்கூட மாற்றவில்லை. உள்ளே மடக்கு மேஜையில் சிட்டு கணக்குத் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா டீச்சரைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்த சயின்ஸ் வரியை மட்டும் மாத்தி எழுதிக் குடுங்களேன்."

"என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அவங்கப்பா ஒரே பிடியா நிக்கிறாரு. சயின்ஸ் கிடைச்சு நர்ஸாவான்னா படிக்கட்டும், இல்லேன்னா பரீட்சை முடிஞ்சதும் அவ அத்தை வேலை பாக்குற தையல் கம்பெனிக்குப் போகட்டும்னு. டீச்சரே சொல்லட்டும்னு நான்தான் வீராப்பா சொல்லித் தொலைச்சேன். கடுதாசியை இன்னும் அவர்கிட்ட காட்டலை. வேலை முடிஞ்சு நேரா இங்கதான் வர்றாரு."

ஒரு பிள்ளையின் படிப்பே இந்தக் காகிதத்தில் தொங்குகிறது என்று யார் கண்டது? முடியாது, முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சர் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். பொய் எழுதவில்லை. சயின்ஸ் வரியை மட்டும் விட்டுவிட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ், முகத்தில் அசதி. கெட்ட மனுஷனில்லை. பெண் எதையோ நம்பி ஏமாந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான். புதுக் கடிதத்தை நின்றபடியே படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எல்லாம் சரி டீச்சர். சயின்ஸ் கிடைக்குமா கிடைக்காதா, அதை மட்டும் காணோமே?"

டீச்சர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றிவிட்டது.

"வாய்ப்பு இருக்குங்க. நல்லாவே இருக்கு."

அப்பா அவளை நம்பியும் நம்பாமலும் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு சிட்டு. சயின்ஸுக்குக் கேக்குற மார்க் உன்னால வாங்க முடியுமா?"

அம்மா கண்ணால் கெஞ்சினாள். சிட்டு அதைப் பார்க்கவே இல்லை. கணக்கு யோசிக்கிற மாதிரி பென்சிலைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். பழைய சிட்டாக இருந்தால் 'ஓ, முடியுமே!' என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருப்பாள்.

"அதுக்கு வட்டம்தாம்ப்பா போடணும். என்னால முடியாது."

"அப்படீன்னா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாதுப்பா. டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அப்பா அவள் தலையைத் தடவினார். "பாத்தியா, பிள்ளைக்கே தெரியுது. நீதான் ஆசைப்பட்டுட்டே," என்றார் மனைவியிடம், திட்டாமல், மெதுவாக. திட்டியிருந்தாலாவது எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள்.

"வேற பிரிவு இருக்குங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா..." என்று டீச்சர் பதறினாள்.

"நர்ஸாகப் போறதில்லைன்னா அந்த ரெண்டு வருஷம் எதுக்கு டீச்சர்? கைத்தொழில் கத்துக்கட்டும். நீங்க இவ்வளவு பாடுபட்டீங்க, ரொம்ப நன்றி." அவர் கும்பிட்டபோது டீச்சருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இனி அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரிதாம்மா," என்றாள் டீச்சர்.